திருத்தமா, சட்டமா? அடிப்படைக் கட்டமைப்பு: கேள்வி பதில்

திண்டுக்கல் தேர்வர்: "ஒன்பதாவது அட்டவணையில் எந்த நாளுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பு மீறலுக்காகச் சோதிக்கலாம்? (அ) 26.1.1950 (ஆ) 27.2.1967 (இ) 24.4.1973 (ஈ) 11.1.2007." நான் ஈ என்று குறித்தேன். கோயலோ தீர்ப்பு வந்த நாள் அதுதானே?

தீர்ப்பு வந்த நாள் அதுதான். ஆனால் விடை இ. தீர்ப்பின் தேதி வேறு, தீர்ப்பு கிழிக்கும் கோடு வேறு. தேர்வு எழுதும் எல்லோருக்கும் நான் இதைத்தான் எச்சரிக்கிறேன்: விடைகளில் நான்கு தேதிகள் கொடுத்திருந்தால், ஒவ்வொன்றும் எதன் தேதி என்று ஓரத்தில் எழுதிவிட்டுக் குறியுங்கள். உங்கள் கேள்வியில் அ அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள், ஆ கோலக்நாத் தீர்ப்பு, இ திருத்தத்தாலும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பு அரசமைப்புச் சட்டத்துக்கு உண்டு என்று சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு, ஈ கோயலோ தீர்ப்பு.

கோயலோ வழக்கு நம் நீலகிரியிலிருந்து போனது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பரம்பரை நில உரிமையாளர்களிடம் இருந்த கூடலூர் ஜன்ம நிலங்களை, நிலத்தை வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. ஜன்ம நிலங்களில் இருந்த காடுகளையும் அரசு எடுத்துக்கொள்ள அதில் வழி இருந்தது. 1972இல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், காடுகளை எடுப்பது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று சொல்லி அந்தப் பகுதியை மட்டும் செல்லாததாக்கியது. பிறகு நாடாளுமன்றம் 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டது. நீதிமன்றம் வீழ்த்திய பகுதியும் அதோடு உயிர்பெற்றது. அட்டவணையில் ஏறிய சட்டத்தை அடிப்படை உரிமை மீறல் என்று கூறித் தாக்க முடியாது என்பதுதான் 31பி பிரிவு தரும் காப்பு.

இப்படி ஒரு சட்டத்தைக் காப்பாற்றலாமா என்பதை 2007இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக முடிவு செய்தார்கள். 24.4.1973க்குப் பிறகு அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் பார்க்கலாம். முதலில், அது அடிப்படை உரிமை எதையாவது மீறுகிறதா என்று கேட்க வேண்டும். மீறுகிறது என்றால், அந்த மீறலின் விளைவு அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கும் அளவுக்குப் போகிறதா என்று அடுத்துக் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு 'ஆம்' வந்ததுமே சட்டம் விழுந்துவிடாது. பல மாணவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

"கோயலோ வழக்கில் கூடலூர் சட்டம் ரத்தானது" என்ற கூற்றைக் கண்டால் தவறு என்று குறியுங்கள். ஒன்பது பேர் அமர்வு விதியைத்தான் வகுத்தது. அந்த விதிப்படி மனுக்களை முடிவு செய்யும் வேலையை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு விட்டது.

சேலம் மாணவி: கேசவானந்த பாரதி வழக்கில் 24ஆவது திருத்தம் ரத்து என்று என் கையேட்டில் இருக்கிறது. சரியா?

தவறு. 24ஆவது திருத்தம் செல்லும் என்றே தீர்ப்பு. கோலக்நாத் வழக்கில் 6க்கு 5 என்ற கணக்கில், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்க முடியாது என்று வந்திருந்தது. அதை மாற்றத்தான் 1971இல் 24ஆவது திருத்தம் வந்தது. 1973இல் 13 நீதிபதிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கக் கூடாது என்பதுதான் 7க்கு 6 என்று பிரிந்த இடம். அங்கே தராசைச் சாய்த்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அந்த வழக்கில் விழுந்தது 25ஆவது திருத்தத்தின் ஒரு துண்டு. 'இந்தச் சட்டம் வழிகாட்டு நெறியை நிறைவேற்றவே இயற்றப்பட்டது' என்று சட்டத்திலேயே அறிவித்துவிட்டால் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்க முடியாது என்ற துண்டு அது. கையேட்டை மாற்றுங்கள்.

நாகர்கோவில் தேர்வர்: அடிப்படைக் கட்டமைப்பின் கூறுகள் மொத்தம் எத்தனை? பட்டியல் கொடுங்கள்.

எண்ணிக்கை கிடையாது. அரசமைப்புச் சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. வழக்குக்கு வழக்கு நீதிமன்றம் சொல்லி வருகிறது. பட்டியல் முடிந்துவிட்டது என்று சொல்லும் எந்தக் கூற்றும் தவறு.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: நில உச்சவரம்புச் சட்டத்தில் என் தாத்தாவின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பு என்று சொல்லி இப்போது வழக்குப் போடலாமா ஐயா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த வழி திறக்காது. சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் அடங்காது என்று நீதிபதி கன்னா 1973லேயே எழுதினார். 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டது. இப்போது அது 300ஏ பிரிவில் இருக்கும் சட்ட உரிமை. நிலம் எடுத்த ஆணை, அறிவிப்பு வந்த நாள், இழப்பீட்டு விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நில வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ஆவணங்களைப் பார்க்காமல் நான் மேலே எதுவும் சொல்வது முறையல்ல.

மதுரை மாணவர்: பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி செய்தது 44ஆவது திருத்தம். சரிதானே?

இல்லை, 39ஆவது திருத்தம், 1975. அது நுழைத்த 329ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவை அதே ஆண்டு நவம்பரில், இந்திரா காந்தி – ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 44ஆவது திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கியது. நுழைத்ததையும் நீக்கியதையும் இடம் மாற்றிக் கொடுப்பதுதான் இதில் உள்ள பொறி.

கோவை தேர்வர்: நம் 69 விழுக்காடு இடஒதுக்கீடு ஒன்பதாவது அட்டவணையில் இருப்பதால் அதை யாரும் தொட முடியாது என்று ஆசிரியர் சொன்னார்.

2007க்கு முன் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் வாதிட இடம் இருந்தது. இப்போது இல்லை. தமிழ்நாட்டின் அந்தச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தால் அட்டவணையில் ஏறியது. 24.4.1973க்குப் பிந்தியது என்பதால் கோயலோ விதி அதற்கும் பொருந்தும்.

அந்தச் சோதனையைப் படிப்படியாக நடத்திப் பாருங்கள். எதிர்ப்பவர் முதலில் இந்திரா சாஹ்னி வழக்கின் 50 விழுக்காடு வரம்பைக் காட்டி, 14, 16ஆம் பிரிவுகள் மீறப்பட்டன என்பார். அதோடு அவர் வேலை முடியாது. 50ஐத் தாண்டுவது சமத்துவம் என்ற கட்டமைப்பையே உடைக்கிறது என்றும் காட்ட வேண்டும். அரசுத் தரப்போ தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பிற்படுத்தப்பட்டோர் பங்கையும், இந்த ஒதுக்கீடு நீண்ட காலமாக நடைமுறையில் இருப்பதையும் முன்வைக்கும். 2006இல் நாகராஜ் வழக்கில் 50 விழுக்காட்டு வரம்புக்கு நீதிமன்றம் பெரும் எடை கொடுத்தது. 2022இல் பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீட்டை 3க்கு 2 என்று ஏற்றபோது, அந்த வரம்பு வளையாத ஒன்றல்ல என்று பெரும்பான்மை சொன்னது. 69ஐ நேரடியாக இந்தச் சோதனையில் வைத்து இறுதித் தீர்ப்பு வரவில்லை. சமூக நீதியை மதிக்கும் தமிழர்கள் அட்டவணையை மட்டும் நம்பி இருக்காமல், தரவுகளைத் திரட்டி வைப்பதில் அக்கறை காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னை இளம் வழக்கறிஞர்: இவ்வளவு சுற்றுவது ஏன்? எந்தச் சட்டமாக இருந்தாலும் மதச்சார்பின்மையை மீறினால் அடிப்படைக் கட்டமைப்பை வைத்தே ரத்து செய்யலாமே.

அங்கேதான் கவனம் வேண்டும், தம்பி. சோதிக்கப்படுவது திருத்தமா, சாதாரணச் சட்டமா? இந்தக் கேள்வியை நான் ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் கேட்பேன். சாதாரணச் சட்டத்தை வீழ்த்த, சட்டமியற்றும் அதிகாரம் இல்லை என்றோ, அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவை மீறுகிறது என்றோ காட்ட வேண்டும். நீங்கள் சொன்ன வழியில்தான் உத்தரப் பிரதேச மதரசா சட்டத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் வீழ்த்தியது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அடிப்படைக் கட்டமைப்பு மீறல் என்ற ஒன்றை மட்டும் சொல்லிச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது என்றது.

அதே வழக்கறிஞர்: அப்படியானால் தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டம் 2014இல் எப்படி விழுந்தது? அது திருத்தம் இல்லையே. வழக்குத் தொடுத்தது நம் மெட்ராஸ் வழக்கறிஞர் சங்கம்.

நல்ல எதிர்வாதம். உயர் நீதிமன்றங்களின் அடிப்படையான அதிகாரத்தை ஒரு தீர்ப்பாயத்துக்கு மாற்றியது செல்லாது என்று சொன்ன அந்தத் தீர்ப்பில் அடிப்படைக் கட்டமைப்பு பேசப்பட்டது உண்மை. ஆனால் 1975இல் ராஜ் நாராயண் வழக்கிலேயே, தேர்தல் சட்டத் திருத்தங்களை இந்த அளவுகோலால் அளக்கப் பெரும்பான்மை மறுத்துவிட்டது.

திருச்சி ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மதரசா தீர்ப்பு மூன்று நீதிபதிகள் அமர்வு. வரித் தீர்ப்பாயத் தீர்ப்பு ஐந்து நீதிபதிகள் அமர்வு. எண்ணிக்கையைப் பார்க்காமல் புதியதே மேல் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஐயா சொல்வது முக்கியமானது. சிறிய அமர்வு பெரிய அமர்வை மீற முடியாது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி உண்டு என்று நான் நினைக்கிறேன். நீதித்துறைச் சுதந்திரம், அதிகாரப் பிரிவினை போன்றவை அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளிலேயே வேர்கொண்டவை. அந்தப் பிரிவுகள் வழியாகச் சட்டத்தைத் தாக்கலாம்.

திருச்சி அலுவலர்: 2014 தீர்ப்பின் வாசகம் அவ்வளவு அடக்கமாக இல்லை.

அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரிய அமர்வு ஒன்று தெளிவாக்கும் வரை இந்த வாதம் நீடிக்கும். தேர்வர்களே, கூற்றில் 'மட்டுமே' இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

காஞ்சிபுரம் தேர்வர்: அடிப்படைக் கட்டமைப்புக் கூறுகளின் முழுப் பட்டியல் கிடைக்குமா?

நாகர்கோவில் தேர்வருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர் மாணவி: முழுப் பட்டியல் வேண்டாம், முக்கியமான பத்து மட்டும்?

பத்து என்று மனப்பாடம் செய்தால் பதினொன்றாவதைக் கேட்பார்கள். வழக்கோடு சேர்த்துப் படியுங்கள்: நீதிச் சீராய்வுக்குச் சந்திர குமார் வழக்கு, மதச்சார்பின்மைக்குப் பொம்மை வழக்கு, திருத்தும் அதிகாரத்தின் வரம்புக்கு மினர்வா மில்ஸ். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

புதுச்சேரி தேர்வர்: கட்சித் தாவல் பற்றிய பத்தாவது அட்டவணையின் ஏழாம் பத்தி 1992இல் ஏன் விழுந்தது? "(அ) அடிப்படைக் கட்டமைப்பு மீறல் (ஆ) மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறாதது." இரண்டும் சரிபோலத் தெரிகிறது.

ஆ. தகுதிநீக்கம் தொடர்பான எதையும் நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்றது அந்தப் பத்தி. அதன் விளைவாக உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்களின் அதிகாரம் குறைந்தது. அந்த அதிகாரத்தைத் தொடும் திருத்தத்துக்கு, 368(2)இன்படி, நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையோடு பாதிக்குக் குறையாத மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். 52ஆவது திருத்தம் அதைப் பெறவில்லை. கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் பெரும்பான்மை ஏழாம் பத்தியை இந்தக் காரணத்துக்காக நீக்கி, மீதியைக் காப்பாற்றியது. அ உங்களுக்குச் சரிபோலத் தெரிவதற்கும் காரணம் உண்டு. நீதிச் சீராய்வைப் பறிக்கும் பத்தி அது. மாநிலங்கள் ஒப்புதல் அளித்திருந்தால் நீதிமன்றம் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் உங்களிடம் கேட்டிருப்பது ஏன் விழுந்தது என்பதைத்தான்.