ஒரு ‘இல்’லுக்கு இங்கிலீசில மூணு வழி

“அக்கா, நான் ஆரையம்பதி, லெஸ்டருக்குப் படிக்கப் புதுசா வந்திருக்கன். டிபென்ட், இன்ரஸ்டட், குட் இதுகளுக்குப் பின்னால ஒன்னா, இன்னா, அட்டா என்டு ஒவ்வொரு தடவையும் குழம்புது. கெயார் ஹோம் வேலைக்கு எழுதின நாலு வரியையும் போட்டிருக்கன். இதுக்குச் சட்டம் ஏதும் இருக்கா, இல்லாட்டி எல்லாத்தையும் பாடமாக்கத்தான் வேணுமா?”

தங்கச்சி, சட்டம் இல்ல. எந்தச் சொல்லுக்குப் பின்னால எது வரும் என்டது அந்தந்தச் சொல்லுக்கு உள்ள வழக்கம். அர்த்தத்த வெச்சு ஊகிச்சா பாதி நேரம் பிழைக்கும். ஆனா தமிழ் ஆக்கள் எந்த இடத்தில பிழைப்பாங்க என்டதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. அது பிடிபட்டா, பாடமாக்க வேண்டியது நிறையக் குறையும்.

நீங்க கேட்ட மூணையும் நம்மட தமிழில சொல்லிப் பாருங்க. வேளாண்மை மழையில தங்கியிருக்கு. பாட்டில விருப்பம். கணக்கில கெட்டிக்காரி. மூணிலயும் ஒரே ‘இல்’தான். நம்மட மண்டைக்குள்ள ‘இல்’ என்டா ‘இன்’ என்டுதான் சின்ன வகுப்பிலேயே பதிஞ்சு கிடக்கு. அதனால டிபென்ட் இன், இன்ரஸ்டட் இன், குட் இன் என்டு ஒரே மூச்சில வரும். அதில நடுவில உள்ளது மட்டும் தற்செயலாச் சரியாயிரும். முதலாவதுக்கு ஒன், கடைசிக்கு அட். கணக்கு மாதிரிப் பாடங்களுக்கு ‘குட் இன்’ என்டு சொல்ற ஆக்களும் இருக்காங்க, ஆனா ஒரு வேலையில, திறமையில கெட்டிக்காரி என்டா ‘குட் அட்’தான்.

டிபென்டில இன்னொரு வழியாலயும் சறுக்கும். ஊரில பேசுறப்ப நாங்க ‘தங்கியிருக்கு’ என்டு சொல்றதில்லையே, அது பள்ளிக்கூடப் புத்தகத் தமிழ். ‘மானாவாரி வயல் மழைய நம்பியிருக்கு, அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணிய நம்பியிருக்கு’ என்டுதான் சொல்லுவம். இப்ப ‘இல்’ போய் ‘ஐ’ வந்திட்டு. ‘ஐ’க்கு இங்கிலீசில தனிச் சொல் இல்லாததால ஒன்னே இல்லாமல் ‘டிபென்ட் த ரெயின்’ என்டு வந்து விழும். உங்கட நாலாவது வரியில நடந்ததும் இதுதான்.

இனி உங்கட வரிகள ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

‘ஐ ஆம் இன்ரஸ்டட் டு வேர்க் இன் யுவர் கெயார் ஹோம்.’ வேலை செய்ய விருப்பம் என்டு நினைச்சு ‘டு’ போட்டிருக்கீங்க. இன்ரஸ்டட்டுக்குப் பின்னால ‘இன்’ வரவேணும். ‘இன்’னுக்குப் பின்னால வினை வந்தா அது ‘இங்’ எடுக்கும்: ‘இன்ரஸ்டட் இன் வேர்க்கிங்.’ இந்த ‘இங்’ மட்டும் உண்மையான சட்டம். ஒன், இன், அட், ஃபோர், ஒஃப் எதுக்குப் பின்னால வினை வந்தாலும் இதே கதைதான்: குட் அட் குக்கிங், டயர்ட் ஒஃப் வெயிட்டிங். ‘இன்ரஸ்டட் டு’ முழுப் பிழை இல்ல. ஹியர், நோ, சீ மாதிரி ஒண்ட அறிஞ்சுகொள்ற வினைகளோட வரும்: ‘உங்கட கருத்தக் கேட்க ஆவல்’ என்டுறதுக்கு ‘இன்ரஸ்டட் டு ஹியர்’ என்டுவாங்க. வேலைக்கு எழுதுறப்ப ‘இன் வேர்க்கிங்’கே போடுங்க.

‘ஐ ஆம் குட் இன் டோக்கிங் வித் ஓல்ட் பீப்பிள்.’ அட் போட்டு ‘குட் அட் டோக்கிங் டு’ என்டு மாத்தினா சரி. ஆனா இந்த இடத்துக்கு இன்னும் பொருத்தமா ஒண்டு இருக்கு: ‘குட் வித் ஓல்டர் பீப்பிள்.’ குட் அட் என்டா ஒரு திறமை. குட் வித் என்டா அந்த ஆக்களோட பழகத் தெரியும், அவங்க உங்கள நம்பி வருவாங்க என்ட அர்த்தம். பிள்ளைகளோட, நாய் பூனையோட, கையால செய்ற வேலையோட எல்லாம் இந்த ‘வித்’ வரும். கெயார் ஹோம்காரர் தேடுற ஆள் இந்த ஆள்தான். ‘ஓல்ட்’ட விட்டு ‘ஓல்டர்’ என்டு போடுறது மரியாதை.

‘ஐ வாஸ் ரெஸ்பொன்சிபிள் டு மெடிசின்.’ மருந்துக்குப் பொறுப்பு என்ட ‘க்கு’, ‘டு’ ஆகி வந்திருக்கு. ரெஸ்பொன்சிபிள் டு என்டா, பதில் சொல்ல வேண்டிய மேலாள் ஆர் என்டது. அப்ப மருந்துப் பெட்டி உங்களுக்கு மேலதிகாரியாகிட்டு! பார்க்கிற வேலைக்கு ‘ஃபோர்’, மேலாளுக்கு ‘டு’. ஒரே வசனத்தில ரெண்டும் வரலாம்: மருந்துக்கு ஃபோர், நர்சுக்கு டு.

‘மை ஸ்டார்ட்டிங் டேட் டிபென்ட்ஸ் மை டைம்டேபிள்.’ டிபென்ட்ஸ் ஒன். பேச்சில மட்டும் ஒரு விலக்கு: ‘இட் டிபென்ட்ஸ் வொட் டைம் ஐ ஃபினிஷ்’ மாதிரிக் கேள்விச் சொல் பின்னால வந்தா ஒன்ன விழுங்கிருவாங்க. அதக் கேட்டுப்போட்டு எல்லா இடத்திலயும் ஒன்ன விட்டிராதீங்க. கேள்வி கேட்கிறப்ப அது கடைசிக்குப் போகும்: ‘வொட் டஸ் இட் டிபென்ட் ஒன்?’ அந்தத் தனி ஒன்ன நம்மட ஆக்கள் அநேகமா மறந்திருவாங்க.

பாடமாக்குறப்ப சொல்லத் தனியா எழுதாதீங்க. டிபென்ட் என்டு எழுதாம ‘டிபென்ட் ஒன்’ என்டே ஒரே சொல் மாதிரி எழுதுங்க. ஒக்ஸ்போர்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி இணையத்தில சும்மா பார்க்கலாம், அதில சொல்லோட சேர்ந்து வாறத தடிச்ச எழுத்தில காட்டியிருக்கும். ஒரு குடும்பத்துச் சொற்கள் அநேகமா ஒரே வழிதான் போகும்: டிபென்ட் ஒன், டிபென்டென்ட் ஒன், டிபென்டென்ஸ் ஒன். ‘இன்டிபென்டென்ட்’ மட்டும் முறைச்சுக்கொண்டு ‘ஒஃப்’ எடுக்கும்.

நம்மட ஆக்கள் அடிக்கடி மாட்டுற இன்னும் ரெண்டு. அவரோட கலியாணம் முடிச்ச என்டத நினைச்சு ‘மெரீட் வித்’ என்டு சொல்லுவம், ‘மெரீட் டு’ என்டு சொல்லவேணும். அதப் பற்றிக் கதைச்சம் என்டு ‘டிஸ்கஸ் அபவுட்’ போடுவம், டிஸ்கஸ்சுக்குப் பின்னால ஒண்டுமே வேணாம்.

குட் இன் என்டு சொன்னா ஒருத்தரும் விளங்காம நிக்கப்போறதில்ல, அதுக்காகப் பயந்து வாயடைச்சு இருக்காதீங்க. ஆனா கெயார் ஹோமில ஒவ்வொரு ஷிஃப்டிலயும் குறிப்பு எழுத வேண்டி வரும், அதில கவனம். காது கேட்காத அம்மாவத் தூரத்தில இருந்து சத்தமாக் கூப்பிட்ட என்டா ‘ஷவுட்டட் டு ஹெர்.’ ‘ஷவுட்டட் அட் ஹெர்’ என்டு எழுதினா, அவவ ஏசின என்டு அர்த்தம். அதுக்கு முறைப்பாடு வரும், விசாரணை வரும். நம்மட தமிழில கூப்பிட்டாலும் ஏசினாலும் ‘அவவ’ என்டுதான் வரும், அதனால எழுதுறப்ப இந்த வித்தியாசம் கண்ணில படாது. ஐமிச்சமா இருந்தா ஷவுட்ட விட்டிட்டு ‘கோல்ட் ஹெர் லவுட்லி’ என்டு எழுதுங்க, அதுக்கு ஒண்டும் ஒட்டத் தேவையில்ல.