பதில் தட்டினால் வீடியோ நிற்கிறது (ஆண்ட்ராய்டு 9)

“ஸ்பிளிட் ஸ்கிரீனில் மேலே மொரீஷியஸின் கத்ர் போர்ன் மலைக்கோயில் காவடி வீடியோ, கீழே வாட்ஸ்அப். அக்காவுக்குப் பதில் எழுதத் தொட்டதும் வீடியோ நின்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டு 9.”

ஸ்பிளிட் ஸ்கிரீனை விட்டுவிட்டு மிதக்கும் ஜன்னலுக்கு மாறுங்கள். க்ரோமில் வீடியோவை முழுத்திரையாக்கி, ஓடும்போதே ஹோம் பட்டனை அழுத்தினால் அது சிறிதாகி மூலைக்குப் போகும். பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்து எழுதலாம். அந்தச் சிறு வீடியோ கீபோர்டை மறைத்தால் அதை விரலால் நகர்த்திவிடுங்கள்.

போனில் பழுதில்லை. 9 வரை பெரும்பாலும் கடைசியாகத் தொட்ட பாதிதான் முழு உயிரோடு இருக்கும். மற்றதற்கு ‘நிறுத்தம்’ என்ற சமிக்ஞை போகும். சில ஆப்கள் அதைக் கேட்டதும் வீடியோவை நிறுத்திவிடும். 10 முதல் இரண்டு பாதியும் சேர்ந்து ஓடும்.

மூலைக்கு வரவில்லையென்றால் Settings-இல் Special app access, அதற்குள் Picture-in-picture, அங்கே Chrome அனுமதி பெற்றிருக்கிறதா பாருங்கள்.

ஒன்று மட்டும்: அக்கா அனுப்பும் குரல் செய்தியைப் போட்டால் வீடியோ நிற்கத்தான் செய்யும். ஒலி அதன் கைக்குப் போய்விடும்.