தாத்தா இருந்த லயத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: லண்டனில் இருந்து பெரியப்பா குடும்பம் ஆகஸ்டில் வருகிறது. தாத்தா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தையும் குடியிருந்த லயத்து வரிசை வீட்டையும் பார்க்கணுமாம். "டிக்கோயா" என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பிடித்தால் கண்டுபிடித்துத் தருவாரா? கூடவே ஒரு வெள்ளைக்காரத் தோழியும் வருகிறார்.

டிக்கோயா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் அட்டனில் இருந்து இந்த வேலையைத்தான் செய்கிறேன். அட்டனுக்குக் கீழே இறங்கினால் நோர்வூட் பக்கம் வரைக்கும் எல்லாவற்றையும் பொதுவாக டிக்கோயா என்று சொல்லிவிடுவார்கள். அதற்குள் எத்தனையோ தோட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல பிரிவுகள்.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். தோட்டத்தின் பெயர், கணக்கு, கங்காணி.

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடும். பழைய தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் பத்திரத்தில் இருக்கும். நம் ஆட்கள் வாயில் புழங்கியது வேறொரு தமிழ்ப் பெயராக இருக்கும். உங்கள் பெரியப்பாவுக்கு நினைவிருப்பது அனேகமாகத் தமிழ்ப் பெயர், வரைபடத்தில் தேடினால் வருவது ஆங்கிலப் பெயர். அந்தக் காலத்து பெர்குசன் டைரக்டரியில் இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். அதைவிடச் சுலபமான வழி அட்டன் பஸ் நிலையத்தில் வயதான ஓட்டோக்காரர் ஒருவரைக் கேட்பது.

பெயர் சுத்தமாகவே தெரியாவிட்டால் தாத்தாவின் பிள்ளைகளில் யாராவது ஒருவரின் பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஆஸ்பத்திரி பெயர்தான் இருக்கும். அப்போது பிறப்பை அறிவித்தவரின் முகவரி எழுதிய கட்டத்தைப் பாருங்கள். தோட்டம் அங்கே ஒளிந்திருக்கும். இந்தியாவுக்குப் போன குடும்பம் என்றால், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த பழைய பாஸ்போர்ட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது கணக்கு. தோட்டத்தின் பிரிவை, டிவிசன் என்று சொல்வதைத்தான், பழைய ஆட்கள் மேலே இருந்தால் மேற்கணக்கு, கீழே இருந்தால் பணியக் கணக்கு என்பார்கள். இதைக் கேட்காமல் போய் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

கோத்தகிரியில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தார். 1973இல் பதினேழு வயதில் இங்கிருந்து கோச்சி ஏறியவர். கூட மகனும் பேத்தியும். (தோட்டத்தின் பெயரைப் போடவில்லை, அந்த லயத்தில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.) போனில் காட்டிய இடத்தை நம்பி நேராகத் தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினேன். அம்மா இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். "தம்பி, எங்க லயத்துல நின்னா தண்ணி சத்தம் கேக்கும். இங்க கேக்கலையே" என்றார். அவர் சொன்னது பணியக் கணக்கு. அங்கிருந்து நாலு கிலோமீட்டர். வேன் போகாத பாதையில், மழையில், அவரைக் கையைப் பிடித்து இறக்கினோம். அட்டைக்கடி வேறு. அன்றிலிருந்து கணக்கு எது என்று தெரியாமல் நான் வேன் பேசுவதில்லை.

இறங்கிய பிறகும் லயம் உடனே கிடைக்கவில்லை. அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது வருசம் ஆகிவிட்டது, தெரியாதுதான். பிறகு நான் "எந்தக் கங்காணி செட்டும்மா?" என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னதுதான் தாமதம், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழுந்துவிட்டார். "அந்தச் செட்டு எல்லாம் கோயிலுக்கு மேல இருந்த லயம்!" கங்காணிதான் ஆள் கட்டி வந்தவர், அவர் ஆட்களை ஒரே பக்கமாகக் குடிவைத்திருந்தார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் பெயர் மறந்தாலும் கங்காணியின் பெயர் மறப்பதில்லை. அதோடு தாத்தாவுக்குப் பட்டப்பெயர் ஏதாவது இருந்ததா என்றும் கேட்டு வையுங்கள். செக்ரோல் பதிவேட்டில் இருந்த பெயரைவிட அது அதிகம் வேலை செய்யும்.

கோயிலுக்கு மேலே இருந்த லயத்தில் பாதிதான் மிச்சம். மற்றப் பாதியில் தனி வீடுகள் வந்துவிட்டன. எந்தக் காம்பரா என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. முன்னால் ஓடும் கானைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் கானின் குறுக்கே கிடந்த பலகைக் கல்லைக் காட்டி, "இதுல உக்காந்துதான் அம்மா எனக்குப் பேன் பார்ப்பாங்க" என்றார். அங்கே குடியிருந்த அக்கா கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. லண்டனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த அளவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்ளே போய் நின்று "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டால் அந்த அக்காவின் முகம் என்ன ஆகும்?

கல்லறை பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். வார்லி தேவாலயத்துக்குப் போனால் துரைமாரின் கல்லறைகளில் பெயர், தேதி எல்லாம் படிக்கலாம். 1878இல் கட்டிய கோயில் அது, காசல்ரீ தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும். தொழிலாளிகளைப் புதைத்த இடத்தில் பெரும்பாலும் கல் கிடையாது. மண்மேட்டில் நட்ட செடிதான் அடையாளம், அதுவும் போயிருக்கும். கொள்ளுத்தாத்தாவின் சமாதியைப் பார்க்கணும் என்று வருகிறவர்களிடம் நான் வேன் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். மஸ்கெலியாக்காரர்களுக்கு இன்னொரு வருத்தம் உண்டு. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. நல்ல வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும், மற்ற நேரத்தில் தண்ணீரைத்தான் காட்ட முடியும்.

சரி, ஆகஸ்ட். அட்டன் பக்கம் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். மாற்ற முடியுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, ஆனால் அது சிவனொளிபாதமலை சீசன், சனி ஞாயிறில் பாதை முழுக்க வண்டி. ஆகஸ்ட்தான் என்றால் காலையில் போகாதீர்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள், லயத்தில் கிழவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். மூன்று மணி போலப் போய்க் கிழவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், கொழுந்து நிறுத்துவிட்டு மற்றவர்கள் வரும்போது விசாரிக்க இன்னும் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஸ்டோருக்கு உள்ளேயோ தேயிலை மலைக்குள்ளேயோ போக வேண்டும் என்றால் முதல் நாளே தோட்ட ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். பிள்ளைகள் கையில் காசு கொடுக்க வேண்டாம். அடுத்த வண்டி வந்தால் ஓடிவந்து கை நீட்டப் பழகிவிடுவார்கள். கொடுக்க விருப்பம் என்றால் கோயில் கமிட்டியில் கொடுங்கள்.

வழிகாட்டியைப் பிடிக்கும்போது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று வகைகள் உண்டு. உரிமம் இருந்தால் மட்டும் உங்கள் வேலைக்குப் போதாது. "பணியக் கணக்கு என்றால் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

உங்கள் தோழிக்கு லயத்தைச் சுற்றிக் காட்டுவதைவிட, கம்பளைக்குப் பக்கத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் நல்லது. பழைய லயத்திலேயே வைத்திருக்கிறார்கள், தாராளமாகக் கேள்வி கேட்கலாம், யார் வீட்டுக்குள்ளும் நுழைந்த மாதிரி இருக்காது. தோட்டத்துக்கு வரும் நாளில் குடும்பம் மட்டும் வாருங்கள்.

பெரியப்பாவுக்கு இந்த வாரமே போன் பண்ணிக் கங்காணியின் பெயரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அத்தைமார் யாராவது இருந்தால் அவர்களையும் கேளுங்கள். என் அனுபவத்தில் பெண்களுக்குத்தான் இது அதிகம் நினைவிருக்கிறது. தெரிந்தால் இங்கே எழுதாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள், விசாரித்துப் பார்க்கிறேன்.