நாற்பதாவது விடைத்தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எனக்கு வயது 34. மூன்று ஆண்டுகளாக டேட்டிங் செயலிகளில் இருக்கிறேன். இந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை வெறுத்துப்போய்ச் செயலியை நீக்கினேன். நான்கு முறையும் பத்து நாள்களுக்குள் திரும்ப நிறுவிவிட்டேன். இரவில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஸ்வைப் செய்கிறேன். இப்போது ஐந்து பேருடன் உரையாடல் பாதியில் நிற்கிறது. நல்லவர்கள் யாருமே அங்கு இல்லை என்று தோன்றுகிறது. எப்போது நிறுத்துவது, எப்போது திரும்புவது? வேறு செயலிக்கு மாறினால் சரியாகுமா? அல்லது காதல் எனக்கு விதிக்கப்படவில்லையா?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது களைப்பு கேட்கும் கேள்வி, நீங்கள் கேட்பதல்ல. செயலியை மாற்றுவதிலும் பெரிய பயன் இருக்காது, ஏனெனில் மாற வேண்டியது பார்க்கும் விதம். ஆனால் நல்லவர்கள் யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதே தீர்ப்பை நானும் ஒரு முறை வழங்கி, வசமாக மாட்டிக்கொண்டவன்.

ஆசிரியராக இருந்த நாள்களில் ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போவேன். ஒரு நாள் பிற்பகலில், அன்றைய நாற்பதாவது தாளைத் திருத்தி முடித்ததும், மாலைக்கட்டு முழுவதுமே மோசம், எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இதில் இல்லை என்று முதன்மைத் தேர்வாளரிடம் புலம்பினேன். அவர் ஒன்றும் பேசாமல், காலையில் நானே திருத்தி முடித்த கட்டிலிருந்து இரண்டு தாள்களை உருவி, மதிப்பெண்ணைக் காகிதத்தால் மறைத்து, மீண்டும் திருத்தச் சொன்னார். காலையில் எட்டு மதிப்பெண் கொடுத்திருந்த விடைக்கு இப்போது ஐந்து போட்டிருந்தேன். “தாள் கெட்டுப்போகவில்லை, உங்கள் கண் கெட்டுப்போயிருக்கிறது; எழுந்து வெளியே போங்கள்” என்றார். அவமானமாக இருந்தது. அந்த நாற்பதாவது தாளை எழுதிய பிள்ளை யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது என்பது அதைவிடப் பெரிய உறுத்தல்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிலா ப்ராங்க், யாப் டெனிசன் ஆகிய இருவரும் 2020இல் அச்சேறிய தங்கள் ஆய்வில் ஸ்வைப் செய்பவர்களிடம் இதையே கண்டார்கள். முகங்களை வரிசையாகக் காட்டி ஏற்கவோ மறுக்கவோ சொன்னபோது, முதல் முகத்திலிருந்து கடைசி முகத்துக்கு வருவதற்குள் ஏற்கும் வாய்ப்பு சராசரியாக 27 சதவீதம் குறைந்துவிட்டது. இதை அவர்கள் நிராகரிக்கும் மனநிலை என்றார்கள்: பார்க்கப் பார்க்கப் படங்களின் மேல் நிறைவின்மையும், நமக்கு ஒன்றும் அமையாது என்ற அவநம்பிக்கையும் சேர்ந்து வளர்கின்றன. தேர்வு கூடக் கூட மனிதர் கறாராகத்தானே ஆவார் என்று நீங்கள் கேட்கலாம். கறாரானவருக்குத் தாம் ஏன் மறுத்தோம் என்பது தெரியும், உங்களுக்குத் தெரிகிறதா?

நிறுத்த வேண்டிய நேரத்தை அறிய நான் பயன்படுத்தச் சொல்லும் சோதனை அதுதான். பத்து முகங்களைப் பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவற்றில் மூன்று பேர் தங்களைப் பற்றி என்ன எழுதியிருந்தார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒருவரைப் பற்றிக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து நான்கைந்து நாள் இப்படியே போனாலோ, மேட்ச் வந்த செய்தி மகிழ்ச்சியைத் தராமல், இவருக்கும் பதில் எழுத வேண்டுமே என்ற சலிப்பைத் தந்தாலோ, அது ஓரிரவு ஓய்வில் தீருகிற களைப்பல்ல. செயலியை நிறுத்திவைக்கும் காலம் வந்துவிட்டது. மேட்ச் வரவில்லை என்பதற்காக நிறுத்துவது வேறு. அது கோபம், பத்து நாளில் ஆறிவிடும். நீங்கள் நான்கு முறை செய்தது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் கணக்கு போய்விடுவதில்லை. உங்கள் முகம் அங்கேயே நிற்க, யாரோ ஒருவர் உங்களை விரும்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக்கூடும். செயலிக்கடை வழியாகக் கட்டணச் சந்தா எடுத்திருந்தால், அங்கே போய் ரத்து செய்யும்வரை பணமும் போய்க்கொண்டிருக்கும். கணக்கையே அழித்தாலோ மேட்சுகளும் உரையாடல்களும் மொத்தமாகப் போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஹிஞ்ச் செயலியில் கணக்கை இடைநிறுத்தினால் புதியவர்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், பழைய மேட்சுகளோடு பேச்சு தொடரலாம். பம்பிள் 2018இல் கொண்டுவந்த ஸ்னூஸ் வசதியும் மேட்சுகளை இழக்காமல் உங்களை மறைத்துவைக்கும். டின்டரில் பிறருக்குக் காட்டுவதை அணைத்துவைக்கலாம். ஆனால் நீங்கள் முன்பே விரும்பியவர்களுக்கு அதன் பிறகும் தெரியக்கூடும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பாதியில் நிற்கும் அந்த ஐந்து பேரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அவர்களும் இரவில் படுத்துக்கொண்டு, தாம் என்ன தவறாக எழுதிவிட்டோம் என்று பழைய செய்திகளைப் புரட்டிக்கொண்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? பதிலின்றி மறைந்துபோகிறவர்களால் நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்றால், இதுவரை நான்கு முறை நீங்களும் அப்படித்தான் மறைந்திருக்கிறீர்கள். “சில வாரங்கள் செயலியிலிருந்து விலகியிருக்கப்போகிறேன், உங்களிடம் குறை ஏதும் இல்லை, எனக்கு ஓய்வு வேண்டும்” என்று எழுத ஒரு நிமிடம் போதும். பேச விருப்பமுள்ள ஒருவருக்கு மட்டும், திரும்பியதும் எழுதுகிறேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம்.

திரும்பும் நாளைக் காலண்டரில் குறிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் மூன்று வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள். என் நண்பர் ஒருவர் இருபது நாள் கழித்துத் திரும்பினார். முதல் இரவிலேயே அறுபது முகங்களைத் தள்ளிவிட்டு, மறுநாள் காலையில் பழைய சலிப்போடு என்னை அழைத்தார். ஓய்வெடுத்த கண்ணை ஒரே இரவில் பழையபடி ஆக்கிவிட்டார். போதாக்குறைக்கு, விலகியிருந்த நாள்களில் புதுமுகங்கள் சேர்ந்திருப்பதால் முதல் இரண்டு நாள் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதைக் குணமானதாக எடுத்துக்கொண்டதுதான் அவர் பிழை. அடுத்த முறை முதல் வாரம் ஒரு முகத்தைக்கூடப் புதிதாகப் பார்க்காமல், விட்டுவைத்திருந்த ஓர் உரையாடலை மட்டும் தொடர்ந்தார். பிறகு நாளுக்குப் பத்து முகம், பகலில், உட்கார்ந்துகொண்டு, எழுதியிருப்பதை வாசித்த பின்பே முடிவு என்று வைத்துக்கொண்டார். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் பேசுவதில்லை. ஒரு வாரம் பேசியும் தொலைபேசி அழைப்புக்கோ சந்திப்புக்கோ நகராத உரையாடலைக் கும்பிடு போட்டு முடித்துக்கொண்டார். அவருக்கு யாரும் அமைந்தார்களா என்று கேட்காதீர்கள், இன்னும் இல்லை. ஆனால் சென்ற வாரம் ஒருவரை மறுத்ததற்கு அவரால் காரணம் சொல்ல முடிந்தது.

உங்களுக்கும் திரும்பும் நேரத்தை அதே சோதனைதான் சொல்லும். பத்து முகங்களைப் பாருங்கள்; மூன்று பேரைப் பற்றிச் சொல்ல முடிந்தால் இருங்கள், முடியாவிட்டால் மீண்டும் இடைநிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். இன்று இரவு அந்த ஐந்து பேருக்கும் எழுதிவிட்டு, சந்தா ஏதும் இருந்தால் ரத்து செய்துவிட்டு, அதன் பிறகு இடைநிறுத்துங்கள்.