மோட்டாரின் பேரிங் பழுதாவதற்கு வெளியீட்டு வடிகட்டி மட்டும் மருந்தாகுமா?

ஐயா, திருகோணமலை சீனக்குடாப் பக்கத்தில் எங்கள் ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. கடல்நீர் இறைக்கும் 30 கிலோவாட் மோட்டாருக்கு வேகத்தை மாற்றும் வி.எப்.டி. டிரைவ் பொருத்தியதிலிருந்து ஐந்து மாதத்தில் ஒரு தடவை, பிறகு நான்கு மாதத்தில் இன்னொரு தடவை பேரிங் சத்தம் போட்டு மாற்ற வேண்டி வந்தது. அதற்கு முன்னர் நேரடியாக ஓடிய காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. சுவிட்ச் அறையிலிருந்து பம்ப் வரை 120 மீற்றர் நாற்கம்பி ஆமர்ட் கேபிள். மோட்டாரின் கூவலைக் குறைக்க, டிரைவ் மின்னழுத்தத்தை வெட்டும் கேரியர் மீடிறனை 8 கிலோஹேர்ட்ஸில் வைத்திருக்கிறோம். விற்றவர்கள் மின்னழுத்தம் எழும் வேகத்தைத் தணிக்கும் டிவி-டிடி வடிகட்டி போடச் சொல்கிறார்கள், இன்னொருவர் துடிப்புகளை சைன் அலையாக்கும் சைன் வடிகட்டிதான் சரி என்கிறார். எதை வாங்குவது?

உங்களிடம் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கேபிளின் நீளத்தால் வருவது மோட்டார் சுருளின் மின்காப்புக்கு நேரும் ஆபத்து. அதற்குத்தான் வடிகட்டி. பேரிங்கைத் தின்பது வேறொரு மின்னழுத்தம். அந்த இரண்டு வடிகட்டிகளின் சாதாரண வகை எதுவும் அதை முழுமையாகத் தடுக்காது. ஆகவே வடிகட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன், கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதை இரண்டாக அறுத்துப் பாருங்கள்.

வெளிவளையத்தைக் கிரைண்டரால் அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகள் ஓடும் பள்ளத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளைப் போல ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடுகள் தெரிந்தாலோ, பள்ளம் பளபளப்பை இழந்து சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தாலோ, மின்னோட்டம் அதன் வழியே போயிருக்கிறது என்று கொள்ளலாம். கிரீஸும் பெரும்பாலும் கறுத்திருக்கும். செந்நிறத் துருக்குழிகளும் பால் போல வெளுத்த கிரீஸும் இருந்தால் குற்றவாளி உப்புநீர். அப்போது பார்க்க வேண்டியது வடிகட்டியை அல்ல, நீர் புகாமல் தடுக்கும் சீலைத்தான். கந்தளாயில் ஓர் ஆலையின் மின்விசிறி மோட்டாருக்கு மூன்று முறை பேரிங் மாற்றி, ஒவ்வொரு முறையும் கிரீஸைக் குறை சொன்னார்கள். நான்காவதை நான் அறுத்துக் காட்டியபோது விரல் நகத்தாலேயே அந்தக் கோடுகளை உணர முடிந்தது.

இனிக் காரணத்துக்கு வருவோம். 400 வோல்ட் இணைப்பில் டிரைவின் உள்ளே நேரோட்ட மின்னழுத்தம் ஏறத்தாழ 565 வோல்ட் வரை இருக்கும். டிரைவ் அதைத் துடிப்புகளாக வெட்டி மூன்று பேஸ்களுக்கும் அனுப்புகிறது. கிரிட்டில் மூன்று பேஸ்களின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியம். இங்கே அது எந்தக் கணத்திலும் பூச்சியமாவதில்லை. அவற்றின் சராசரி புவியோடு ஒப்பிடுகையில் 280 வோல்ட் வரை மேலும் கீழும் தாவுகிறது. இதைத்தான் பொதுமுறை மின்னழுத்தம் என்கிறோம். சுருளுக்கும் சுழலிக்கும் இடையிலுள்ள கொள்ளளவத்தின் வழியே அதில் சில சதவீதம் தண்டில் ஏறுகிறது. பத்து, இருபது வோல்ட் சேர்ந்ததும் கிரீஸ் படலம் உடைந்து, ஒரு மிகச்சிறிய பொறி உலோகத்தை உருக்கி ஒரு நுண்குழி வெட்டுகிறது. 8 கிலோஹேர்ட்ஸ் என்றால் இந்தத் தாவல்கள் 4 கிலோஹேர்ட்ஸில் நேர்வதைப் போல இரு மடங்கு.

உங்கள் இடத்தில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். உலோகக் குழாயால் கடலுக்குள் இறங்கி, உப்புநீர் நிரம்பி நிற்கும் பம்ப் ஒரு மிகச் சிறந்த புவித்தொடுப்பு. மோட்டார் உடலோ 120 மீற்றர் நீள ஒற்றைப் புவிக்கம்பியின் வழியேதான் டிரைவுக்குத் திரும்பித் தொடுகிறது. உயர் மீடிறனில் அந்தக் கம்பி பெரிய தடையாக நிற்கும். ஆகவே மோட்டார் உடலுக்கு வந்த மின்னோட்டம் பேரிங், தண்டு, கப்ளிங், பம்ப் என்று கடலுக்கு இறங்கும் எளிய வழியைப் பிடித்துக்கொள்கிறது. பம்பின் பேரிங்கிலும் அதே கோடுகள் இருந்தால் இது உறுதி. அந்தப் பேரிங்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதற்கான முதல் வேலை மலிவானது. மோட்டார் உடலிலிருந்து பம்பின் அடித்தளத் தகட்டுக்கும் குழாய் பிளாஞ்சுக்கும் அகலமான செப்புப் பின்னல் பட்டையைக் குறுகிய தூரத்தில் கட்டுங்கள். பெயின்டைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், மேலே உப்புக்காற்றுக்கு எதிராகக் கிரீஸ் பூச வேண்டும். கேபிளின் ஆமர் இரு முனைகளிலும் கிளாண்டைச் சுற்றி முழு வட்டமாகப் பிடிபட்டிருக்க வேண்டும். முறுக்கி ஒரு வால் போல எடுத்துக் கட்டியிருந்தால் உயர் மீடிறனில் அதனால் பயன் மிகக் குறைவு. இரும்புக் கம்பி ஆமர் செப்பு உறை கொண்ட சமச்சீர் கேபிளுக்கு ஈடாகாது. ஆனால் கேபிளை மாற்றும் நாள் வரும்வரை இருப்பதை ஒழுங்காகப் பிடிப்பதே பெரிய முன்னேற்றம்.

அடுத்து மோட்டாரின் தண்டு. கப்ளிங் பக்கத்தில் தண்டுப் புவித்தொடுப்பு வளையமும், எதிர்ப் பக்கத்தில் மின்காப்பிட்ட பேரிங்கும் போடுங்கள். வளையம் உப்புத் தூவல் படும் இடத்தில் திறந்து கிடந்தால் தண்டு துருப்பிடித்துத் தொடுகை கெட்டுவிடும். மூடிக்குள் பொருந்தும் வகையைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் பீங்கான் குண்டுப் பேரிங் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மோட்டார் தப்பும், ஆனால் தண்டில் சேர்ந்த மின்னழுத்தம் கப்ளிங் வழியே பம்பின் பேரிங்குக்குப் போகும், ஆகவே அப்போது மின்காப்புள்ள கப்ளிங்கும் வேண்டும். வேலை முடிந்ததும் தண்டில் தூரிகை முனை வைத்து அலைகாட்டியில் பாருங்கள். மெல்ல ஏறித் திடீரென விழும் கூரிய பற்கள் இருந்தால் பொறிகள் இன்னும் நிற்கவில்லை. மல்டிமீற்றர் இதைக் காட்டாது. தூரிகையை மின்காப்புள்ள கோலில் கட்டி, சுழலும் பகுதியிலிருந்து கையைத் தள்ளியே வைத்துப் பிடியுங்கள்.

இப்போது கேபிளின் நீளம். டிரைவிலிருந்து புறப்படும் துடிப்பின் முனை 0.1 மைக்ரோ விநாடியில் எழுகிறது. கேபிளில் அது மைக்ரோ விநாடிக்கு ஏறக்குறைய 150 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. போய்த் திரும்பும் நேரம் எழும் நேரத்தைத் தாண்டினால் மோட்டார் முனையில் மின்னழுத்தம் இரட்டிக்கும். 150 ஐ 0.1 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 7.5 மீற்றர். உங்களுடையது 120. ஆகவே மோட்டார் முனை ஒவ்வொரு துடிப்பிலும் 1,100 வோல்ட் அளவில் அடி வாங்குகிறது. கிரிட்டுக்காகவே சுற்றப்பட்ட பழைய மோட்டாருக்கு இது அதிகம், அதிலும் சுருளின் முதல் சில சுற்றுகளுக்கு. டிவி-டிடி வடிகட்டி துடிப்பின் முனையைச் சாய்த்து உச்சத்தையும் அடக்குகிறது. அதன் தகவல் ஏட்டில் 120 மீற்றரைத் தாண்டிய நீளம் அனுமதிக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு அது போதும். என் தெரிவும் அதுதான்.

சைன் வடிகட்டியை பல நூறு மீற்றர் தூரத்துக்கும் ஆழ்கிணற்று மோட்டாருக்கும் நான் வைத்துக்கொள்வேன். 5 முதல் 10 சதவீத மின்னழுத்தம் அதில் விழுகிறது. 50 ஹேர்ட்ஸில் முழுச் சுமையோடு ஓட்டினால் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். சாதாரண சைன் வடிகட்டி பேஸ்களுக்கு இடையிலான அலையைத்தான் வழவழப்பாக்கும், பொதுமுறை மின்னழுத்தம் அப்படியே நிற்கும். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதன் கொள்ளளவிகளின் நட்சத்திர முனை டிரைவின் நேரோட்ட மின்னழுத்த முனைகளோடு திரும்ப இணைகிறதா? இணையும் வகை மட்டுமே பேரிங்குக்கும் உதவும். டிரைவைப் பம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேபிளைக் குறைக்கலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. கடற்காற்று அதன் பலகைகளை அரித்துவிடும்.

கேரியரை இன்றே 4 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள், மோட்டார் கொஞ்சம் கூவும். டிவி-டிடி வடிகட்டிக்கு உச்ச மீடிறன் ஒன்று உண்டு, சைன் வடிகட்டிக்குக் குறைந்தபட்ச மீடிறன் உண்டு. எதை வாங்கினாலும் அந்த எண்ணைப் பேனல் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். கூவல் பிடிக்காத யாராவது ஓர் இரவு முறையில் அதை மீண்டும் 8 ஆக்கிவிடக் கூடாது.