கடைக் கியூஆருக்குள் என்ன எழுதியிருக்கு?

"கடையில ஒட்டியிருக்கிற கியூஆருக்குள்ள என்ன கிடக்கு? போன் அதை எப்பிடி வாசிக்குது?"

வெறும் எழுத்துச்சரம்தான். லங்காகியூஆரில் ஒவ்வொரு தகவலும் இரண்டு இலக்க அடையாள எண், இரண்டு இலக்க நீளம், பிறகு உள்ளடக்கம் என்று வரும்.

```
5303144
6006JAFFNA
```

53 என்றால் நாணயம், 03 நீளம், 144 இலங்கை ரூபா. 60 ஊர், JAFFNA ஆறெழுத்து, அதனால் 06. கடைப்பெயரும் இப்படியே. ஒட்டிவைத்த தாளில் பெரும்பாலும் தொகை இராது, நீங்கள்தான் அடிக்கவேணும்.

கமரா முதலில் மூன்று மூலைச் சதுரங்களைத் தேடும். அவற்றின் நடுவால் கோடு போட்டால் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில் மாறிமாறி வரும். அதைப் பிடித்துப் படத்தை நிமிர்த்தி, கட்டம் கட்டமாக வாசிக்கும். சிறு கீறலைத் திருத்தக் கூடுதல் தரவு உள்ளேயே இருக்கு; ஆனால் லமினேற் மினுங்கி ஒரு மூலை மறைந்தால் வாசிப்பு நின்றுவிடும், தாளைச் சற்றுச் சரித்துப் பிடியுங்கோ.

எழுத்துச்சரத்தின் கடைசியில் 63 என்ற அடையாளத்தோடு வருவது சரிபார்ப்பு எண். எழுத்துப் பிழையை அது பிடிக்கும். மேலே வேறொருவரின் கியூஆரை ஒட்டியிருந்தால் பிடிக்காது. திரையில் வரும் கடைப்பெயரைப் பார்த்தபிறகே காசை அனுப்புங்கோ.