மூன்று கட்டத்திலும் டிக் இருக்கிறது, பாடம் மட்டும் ஒட்டவில்லை: பாடக்குறிப்பைச் சரிபார்ப்பது பற்றிய கேள்வி பதில்

தண்டையார்பேட்டை, ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை: அம்மா, கலவைகளைப் பிரித்தல் பாடத்துக்கு நான் எழுதிய குறிப்பில் நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு மூன்றுக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் டிக் விழுந்துவிட்டது. ஆனாலும் பார்வையிட வந்தவர் மூன்றும் ஒட்டவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். தவறு எங்கே?

நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன். நோக்கத்தில் "பொருள்களின் பண்பைக் கொண்டு ஏற்ற பிரித்தல் முறையைத் தேர்ந்தெடுத்துக் காரணம் கூறுவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். செயல்பாட்டில் நீங்கள் வடிகட்டிக் காட்டுகிறீர்கள், மாணவர்கள் உற்றுநோக்கிப் படம் வரைகிறார்கள். மதிப்பீட்டிலோ "பிரித்தல் முறைகள் நான்கினை எழுதுக" என்று கேட்கிறீர்கள். நோக்கம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, செயல்பாடு பார்க்கச் சொல்கிறது, மதிப்பீடு நினைவிலிருந்து எழுதச் சொல்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் பிழையில்லை. செயல்பாடு உண்டா என்று மட்டுமே பட்டியல் கேட்பதால், உண்டு என்று நீங்கள் டிக் போட்டதும் சரிதான். அந்தச் செயல்பாடு நோக்கத்தில் உள்ள வேலையை மாணவனுக்குக் கொடுக்கிறதா என்பதைப் பட்டியல் கேட்காது, அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அதற்கு நான் கையாளும் வழி எளியது. மூன்றையும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொன்றிலும் மாணவன் செய்யும் வினையை மட்டும் அடிக்கோடிடுங்கள். பிறகு நோக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மதிப்பீட்டுக் கேள்வியை வேறு பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் காட்டி, இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எதைக் கற்றிருப்பார்கள் என்று கேளுங்கள். "பிரித்தல் முறைகளின் பெயர்களை" என்று அவர் சொன்னால், உங்கள் நோக்கம் மதிப்பீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

திருத்துவதை மதிப்பீட்டிலிருந்து தொடங்குங்கள். "உப்பு, மணல், இரும்புத்தூள் மூன்றும் கலந்துவிட்டன. தனித்தனியாக எடுக்க எந்த வரிசையில் என்ன செய்வாய், ஏன்?" என்று கேட்கலாம். உலர்ந்த நிலையிலேயே காந்தத்தால் இரும்புத்தூளை எடுத்துவிட்டு, மீதியை நீரில் கரைத்து வடிகட்டி, வடிநீரை ஆவியாக்க வேண்டும். காந்தத்தைக் கடைசியில் வைக்கும் மாணவனுக்கும் உடனே தவறு போட்டுவிடாதீர்கள். ஈரமான தூள் மணலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதலில் உலர்த்துவேன் என்று அவன் எழுதியிருந்தால், அவன் பண்பைக் கொண்டு சிந்தித்திருக்கிறான். மதிப்பெண் காரணத்துக்குத்தான்.

இப்போது செயல்பாட்டுக்கு வாருங்கள். சில குழுக்களுக்கு மணலும் உப்பும், சில குழுக்களுக்கு மரத்தூளும் இரும்புத்தூளும் கொடுத்து, முறையை அவர்களே முடிவு செய்யட்டும். மூன்று பொருள் கலந்த கலவையை வகுப்பில் செய்து காட்டிவிடாதீர்கள். செய்து காட்டிவிட்டு அதையே கேட்டால், தேர்ந்தெடுத்தல் மறுபடியும் மனப்பாடமாகிவிடும். பல குறிப்புகளில் நான் கண்ட நுட்பமான பிழை இதுவே. வினைச்சொல் பொருந்தியிருக்கும், ஆனால் கேள்வி பழையதாக இருப்பதால் அந்த வினை நடந்தே இருக்காது.

நேரத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். வடிதாளில் நீர் மெல்லத்தான் இறங்கும். ஒரே பாடவேளையில் வடிகட்டி, ஆவியாக்கி, மதிப்பீடும் முடிப்பதாக எழுதினால் அது தாளில் மட்டுமே நடக்கும். வடிநீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துவிட்டு, ஆவியாதல் பற்றிய கேள்வியை மறுநாளுக்கு எழுதுங்கள். காசிமேட்டுக் கடற்கரை மணலை எடுத்தால் முன்கூட்டியே இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்திவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் சேர்க்காத உப்பும் தட்டில் படியும். ஒருமுறை என் வகுப்பில், இரும்புத்தூள் இல்லாத குழுவின் கடல் மணலில் ஒரு சிறுமி காந்தத்தை விட்டுப் பார்த்தாள். கறுப்பு மணிகள் மீசை போல ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த மணலில் இரும்பு கலந்த கனிமம் உண்டு என்பதை அன்று நான் குறிப்பில் எழுதியிருக்கவில்லை. மீதிப் பாடவேளை முழுவதும் அவள் கேள்விக்கே போயிற்று, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மணலி, பி.எட். பயிற்சி மாணவர்: பாடக்குறிப்புக்குச் சரியான படிவம் எது அம்மா?

உங்கள் கல்லூரி கொடுத்த படிவமே உங்களுக்குச் சரியான படிவம் தம்பி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு குறிப்பு எழுதாதீர்கள். முதலில் பாடத்தை எழுதி முடியுங்கள், பிறகு பட்டியலை எடுங்கள்.

பெரம்பூர், தனியார் பள்ளி ஒருங்கிணைப்பாளர்: எங்கள் பட்டியலில் 42 வரிகள் உள்ளன. எல்லா ஆசிரியர்களும் எல்லா வரிகளையும் நிரப்பித் தருகிறார்கள், ஆனால் வகுப்பில் மாற்றம் தெரியவில்லை. வரிகளைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம், குறையுங்கள். உங்கள் 42 வரிகளில் பெரும்பாலானவை உண்டா இல்லையா என்று கேட்பவை. ஓர் அலுவலகம் எங்களுக்குத் தந்த பட்டியலில் துணைக்கருவி என்றொரு வரி இருந்தது. ஆண்டு முழுவதும் நான் "வரைபட அட்டை" என்று எழுதி டிக் வாங்கினேன், அந்த அட்டையை ஒருவரும் கேட்டதில்லை. இருப்பதைக் கேட்கும் வரிகளைப் பாதியாக்கிவிட்டு, மூன்று கேள்விகளைச் சேருங்கள். நோக்கத்தின் வினையை மாணவனே செய்கிறானா? மதிப்பீடு அதே வினையைப் புதிய பொருளில் கேட்கிறதா? கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தவறியவர்களுக்கு என்ன செய்வது என்று எழுதியிருக்கிறதா? இவற்றுக்கு டிக் போட முடியாதபடி ஒரு வரி எழுதும் இடம் விடுங்கள்.

திருவொற்றியூர், கணித ஆசிரியர்: "அறிவர்", "புரிந்துகொள்வர்" ஆகிய சொற்கள் நோக்கத்தில் வரவே கூடாது. அவற்றை எடுத்துவிட்டு வினைச்சொல் பட்டியலிலிருந்து ஒன்றை வைத்தால் குறிப்பு சரியாகிவிடும் என்பதே நான் பயிற்சியில் கற்றது. சரிதானே அம்மா?

பாதி சரி ஐயா. அந்தச் சொற்களை மட்டும் வைத்து எதைப் பார்த்து மதிப்பிடுவது என்று தெரியாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் வினைச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் 1956-இல் புளூம் குழுவினர் வெளியிட்ட வகைப்பாட்டிலிருந்து கிளைத்தவை. அதை 2001-இல் திருத்தியபோது ஆறு நிலைகளில் இரண்டாவதாகப் "புரிந்துகொள்ளுதல்" என்பதையே வைத்தார்கள். ஆகவே அது விலக்கப்பட்ட சொல் அன்று.

வினையை மட்டும் மாற்றுவதால் குறிப்பு சரியாகிவிடாது. "பின்னங்களைப் புரிந்துகொள்வர்" என்பதை "பின்னங்களை ஒப்பிடுவர்" என்று திருத்திவிட்டு, செயல்பாட்டில் பழையபடி கரும்பலகைக் கணக்கையே வைத்திருந்தால் மாறியது மை மட்டும்தான். 3-ஐவிட 4 பெரியது, ஆகவே மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று சொல்லும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருப்பான். காகிதப் பட்டைகளை மடித்து அவனே அதை மறுக்கும்படி செயல்பாடு அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ராயபுரம், தமிழாசிரியை: இந்த இடத்தில் நான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. "பாடலைச் சுவைத்து மகிழ்வர்" என்று எழுதினால் அளக்க முடியாது, நீக்குங்கள் என்கிறார்கள். நீக்கிவிட்டு எதுகை மோனையை எடுத்து எழுதுவர் என்று வைத்தால், பிள்ளைகள் எதுகையை மட்டும் கண்டுபிடித்துவிட்டுப் பாடலை விட்டுவிடுகிறார்கள். அளக்க முடியாதது நோக்கமே ஆகாதா?

ஆகும் அம்மா. நான் உங்கள் நோக்கத்தை நீக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நேர் எதிரே உள்ள மதிப்பீட்டுக் கட்டத்தில் எதுகை மோனையை எழுதி டிக் வாங்குவதையும் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அது வேறொரு நோக்கத்தின் மதிப்பீடு. மாணவன் தனக்குப் பிடித்த ஓர் அடியைத் தேர்ந்து, அந்தச் சொல் இல்லாமல் வேறு சொல் இருந்தால் என்ன போகும் என்று பேசட்டும். அது சுவையை அளக்காது, ஆனால் சுவைத்தவனால் மட்டுமே ஓரளவு செய்ய முடிந்த வேலை.

திருவொற்றியூர், கணித ஆசிரியர்: அப்படியானால் 40 பேரும் பேச வேண்டுமே, அதற்கு எத்தனை மதிப்பெண் என்று பதிவேட்டில் எழுதுவது?

ராயபுரம், தமிழாசிரியை: எல்லாவற்றுக்கும் ஏன் மதிப்பெண் வேண்டும்? வளரறி மதிப்பீடு என்று நாமே பெயர் வைத்துவிட்டு, அதையும் எண்ணாக்கிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டோம்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாளுக்கு ஆறு பேராகக் கேட்டு, எண்ணுக்குப் பதில் ஒரு சொற்றொடரைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் பதிவேடு எண்ணைத்தான் கேட்டது, அந்த எண்ணை நான் எப்போதும் மனநிறைவோடு எழுதியதில்லை. இதற்கு மேல் என்னிடம் விடை இல்லை.

எண்ணூர், தொடக்கப்பள்ளி ஆசிரியை: எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்குக் கையேடே வந்துவிடுகிறது. அதையும் நான் சரிபார்க்க வேண்டுமா?

கையேட்டின் நோக்கங்களை அல்ல, உங்கள் வகுப்புக்கு நீங்கள் பிரிக்கும் விதத்தைச் சரிபார்க்க வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளுக்கும் வேலை கொடுக்கும்போது, அரும்பு நிலைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் வண்ணம் தீட்டுவதே போய்ச் சேருகிறது. அவனுக்கு வேலை எளிதாக இருக்கலாம், ஆனால் எழுத்தின் ஒலியை அறிவது நோக்கமென்றால் அவன் வேலையிலும் அந்த ஒலி இருக்க வேண்டும்.

வியாசர்பாடி, பெற்றோர்: என் மகன் பள்ளியில் பாடத்திட்டம் இன்னும் முடியவில்லை. தேர்வுக்குள் முடிப்பார்களா என்று எப்படிச் சரிபார்ப்பது?

இங்கே பேசுவது ஆசிரியர் ஒரு பாடவேளைக்கு எழுதும் குறிப்பைப் பற்றி ஐயா. உங்கள் மகனின் வகுப்பாசிரியரிடம் மாதவாரிப் பாடப்பகிர்வைக் கேளுங்கள், அதில் தெரிந்துவிடும்.

கொருக்குப்பேட்டை, ஆசிரியர்: நல்ல படிவம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள் அம்மா.

மணலித் தம்பிக்குச் சொன்ன பதில்தான்.

வண்ணாரப்பேட்டை, ஆசிரியை: எல்லாக் கட்டமும் நிரப்பிய மாதிரிக் குறிப்பு ஒன்று கிடைத்தால், அதைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்வோம்.

அனுப்ப மாட்டேன். என் குறிப்பு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதியது. பட்டியலைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதை வேண்டாம் என்று இன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பிறர் குறிப்பைப் பார்த்து எழுதுவது அதைவிடத் தீங்கானது. நீங்கள் எழுதியதை அனுப்புங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை, ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை: அம்மா, மதிப்பீட்டை மாற்றிவிட்டேன். செயல்பாட்டையும் குழுவாக்கிவிட்டேன். "காந்தம்" என்று சரியாக எழுதிவிட்டு ஏன் என்பதை வெற்றிடமாக விடும் பிள்ளைகளுக்கு என்ன எழுதுவது?

குறைதீர் கற்றல் கட்டத்தில் "மீண்டும் விளக்குவேன்" என்று எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைகள் கையில் மரத்தூளையும் ஒரு காந்தத்தையும் கொடுத்து, இதில் ஏன் எதுவும் ஒட்டவில்லை என்று கேளுங்கள். வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத வராமல் விட்டவன் யார், காரணமே தெரியாமல் விட்டவன் யார் என்பது அப்போது பிரிந்துவிடும். குறிப்பில் அந்த இருவருக்கும் தனித்தனி வரி வேண்டும்.